ஏலச்சீட்டு எடுத்தவர் கைக்கு எவ்வளவு வரும்?

ஏலச்சீட்டில் எடுத்தவருக்கு வரும் பணம் ஒரே ஒரு கழித்தலில் கிடைத்துவிடும். சீட்டின் முழுத்தொகையிலிருந்து ஏலத்தில் தள்ளிய தொகையைக் கழித்தால் மிச்சம் அவருடையது. இவ்வளவு எளிதான கணக்கில்தான் ஊரெங்கும் சண்டை நடக்கிறது. தள்ளிய தொகைக்குள் சீட்டு நடத்துபவரின் கமிஷன் அடங்கியிருக்கிறதா, அது தனியாகப் பிடிக்கப்படுமா என்பதை ஏலத்துக்கு முன்னால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற ஒரு நிறுவனம் அதை நடத்துகிறது. உறுப்பினர்கள் 25 பேர், மாதங்கள் 25, மாதத் தவணை 20,000 ரூபாய். எல்லாரும் கட்டினால் மாதம் 5,00,000 ரூபாய் சேரும். இதுதான் சீட்டுத்தொகை. ஒப்பந்தத்தில் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000 ரூபாய். முதல் மாதச் சீட்டைப் பல ஒப்பந்தங்களில் நடத்துபவரே தன் பங்குக்குத் தள்ளு இல்லாமல் முழுசாக எடுத்துக்கொள்வார். சட்டம் அதற்கு இடம் தருகிறது. இந்தச் சீட்டிலும் 25 பங்கில் ஒன்று நிறுவனத்தினுடையது; முதல் மாதம் அது எடுத்துவிட்டது. இரண்டாம் மாதத்திலிருந்துதான் உறுப்பினர்களுக்கு ஏலம்.

எட்டாம் மாத ஏலத்துக்கு வருவோம். நிறுவனத்தின் ஒரு சின்ன அறை. பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைக்குப் பின்னால் நடவடிக்கைக் குறிப்பு நோட்டு விரித்திருக்கிறது. ஒருவர் எண்பதாயிரத்தில் ஆரம்பிக்கிறார். இன்னொருவர் தொண்ணூறு என்கிறார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் ஒரேயடியாக ஒரு லட்சத்துப் பத்து என்று ஏற்றுகிறார். கடைசியில் ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் நின்று, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடிகிறது. நடந்தது ஏலம்தான், ஆனால் இங்கே கூவப்படுவது விலை அல்ல. தனக்கு வரவேண்டியதில் எவ்வளவை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதைத்தான் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். அதிகம் விட்டுக்கொடுப்பவருக்குச் சீட்டு.

ஒரு லட்சத்து இருபதாயிரம் தள்ளிய அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கு எவ்வளவு வரும்? சட்டத்தின் சொல்படி, 5,00,000 – 1,20,000 = 3,80,000 ரூபாய். கமிஷனுக்காக இதில் மறுபடி கை வைக்கக் கூடாது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் தள்ளுபடி என்ற சொல்லுக்கே பொருள் எழுதி வைத்திருக்கிறது. சீட்டு எடுப்பவர் ஒப்பந்தப்படி விட்டுக்கொடுக்கும் தொகை அது. சீட்டை நடத்தும் செலவுக்கும் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் அது ஒதுக்கப்படுகிறது. ஆக, கமிஷன் தள்ளுபடிக்குள்ளேயே இருக்கிறது. சீட்டுத்தொகைக்கும் தள்ளுபடிக்கும் உள்ள வித்தியாசமே எடுத்தவரின் பணம் என்று அதே சட்டம் சொல்கிறது. 2019இல் வந்த திருத்தம் இந்த விஷயத்தில் பெயர்களை மட்டும் மாற்றியது. சீட்டுத்தொகை மொத்தச் சீட்டுத்தொகை ஆனது, எடுத்தவருக்குரிய பரிசுத்தொகை நிகரச் சீட்டுத்தொகை ஆனது, டிவிடெண்ட் தள்ளுபடிப் பங்கு ஆனது. கணக்கு மாறவில்லை.

தள்ளிய 1,20,000 ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும். முதலில் 25,000 ரூபாய் நடத்துபவரின் கமிஷன். மீதி 95,000 ரூபாயை 25 பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 3,800 ரூபாய் கழிவு. அந்த மாதம் ஒவ்வொருவரும் 20,000 கட்டுவதற்குப் பதில் 16,200 ரூபாய் கட்டினால் போதும். சீட்டை எடுத்தவருக்கும் இந்தக் கழிவு உண்டு, அவரும் 16,200 ரூபாய்தான் கட்டுவார். சில ஒப்பந்தங்களில் இன்னும் எடுக்காதவர்களுக்கு மட்டும் கழிவைப் பிரிப்பார்கள். பலவற்றில் தவணை தேதிக்குள் கட்டாதவருக்கு அந்த மாதக் கழிவு கிடையாது என்றும் எழுதியிருக்கும்.

கமிஷனைத் தனியாகப் பிடிக்கும் சீட்டுகள் ஊரில் நிறைய உண்டு. தெரிந்தவர்களுக்குள் நடத்தும் சீட்டுகளில் இது சகஜம். அங்கே ஒரு லட்சத்து இருபது என்று தள்ளினால், அந்த ஒரு லட்சத்து இருபதும் உறுப்பினர்களுக்குப் போகும், கமிஷன் 25,000 ரூபாய் அதற்கு மேல் பிடிக்கப்படும். எடுத்தவர் கைக்கு வருவது 3,55,000 ரூபாய். கழிவு ஆளுக்கு 4,800 ரூபாய், அந்த மாதத் தவணை 15,200 ரூபாய். வாயால் சொன்ன எண் ஒன்றுதான். கையில் வந்த பணத்தில் 25,000 ரூபாய் வித்தியாசம். ஒரு சீட்டில் பழகியவர் இன்னொரு சீட்டில் அதே பழக்கத்தில் ஏலம் கேட்டால் இந்த இடத்தில்தான் அடி வாங்குவார். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு 3,80,000 வரும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு இருபத்தைந்தாயிரம் குறைவது சின்ன விஷயம் அல்ல.

இரண்டு முறையிலும் மாறாத ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. அந்த மாதம் உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டும் மொத்தம், எடுத்தவருக்குக் கொடுத்த தொகையும் கமிஷனும் சேர்ந்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். முதல் முறையில் 25 பேர் 16,200 வீதம் கட்டினால் 4,05,000 ரூபாய். எடுத்தவருக்கு 3,80,000, கமிஷன் 25,000. சரியாக வந்துவிட்டது. இரண்டாவது முறையில் 25 பேர் 15,200 வீதம் 3,80,000 ரூபாய். எடுத்தவருக்கு 3,55,000, கமிஷன் 25,000. அதுவும் சரி.

இந்தக் கணக்கு எங்கே உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். அதே ஏலத்தில் எடுத்தவருக்கு 3,80,000 கொடுத்தாயிற்று, ஆனால் பாஸ்புத்தகத்தில் அந்த மாதக் கழிவு 3,500 ரூபாய் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு ரூபாய் குறைவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெருக்கிப் பார்த்தால், 25 பேர் 16,500 வீதம் 4,12,500 ரூபாய் கட்டுகிறார்கள். எடுத்தவருக்குப் போனது கழிய 32,500 ரூபாய் நடத்துபவரிடம் தங்குகிறது. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று எழுதிவிட்டு ஆறரை சதவீதம் எடுத்திருக்கிறார். தனி ஆளின் பாஸ்புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்த 7,500 ரூபாய், பெருக்கினால் வெளியே வந்துவிடும். செல்போனில் அரை நிமிட வேலை. ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிய வேலையும்கூட.

கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. முன்பு 5 சதவீதமாக இருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம் வரை போகலாம். இந்தச் சதவீதம் சீட்டின் முழுத்தொகைக்குக் கணக்கிடப்படுகிறது, எடுத்தவர் கைக்கு வரும் தொகைக்கு அல்ல, தள்ளுபடிக்கும் அல்ல. யார் எவ்வளவு தள்ளினாலும் ஐந்து லட்சச் சீட்டில் 5 சதவீதம் என்றால் 25,000 ரூபாய்தான். அதனால்தான் கமிஷன் உள்ளடங்கிய சீட்டில் ஏலம் 25,000 ரூபாயிலிருந்தே தொடங்கும். அதற்குக் கீழே தள்ளினால் நடத்துபவருக்கே கமிஷன் தேறாது. யாருமே ஏலம் கேட்காத மாதத்தில் குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுப்பார்கள். அவருக்கு வருவது 4,75,000 ரூபாய், மற்றவர்களுக்குக் கழிவு ஒன்றுமில்லை, தவணை முழு 20,000 ரூபாய். கடைசி மாதத்தில் மிஞ்சியிருக்கும் ஒருவருக்கும் இதே கதைதான். கடைசிவரை காத்திருந்தால் ஐந்து லட்சமும் முழுசாக வரும் என்று நினைத்துச் சேருபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேலேயும் ஒரு வரம்பு இருக்கிறது. எவ்வளவு வரை தள்ளலாம் என்பது சீட்டு ஒப்பந்தத்தில் சதவீதமாக எழுதப்பட்டிருக்கும். இந்தச் சீட்டில் அது 40 சதவீதம், அதாவது இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப மாதங்களில் பணத்தேவை உள்ளவர்கள் நிறைய இருப்பதால், நாலைந்து பேர் நேராக உச்சவரம்புக்கே போய் நின்றுவிடுவார்கள். அப்போது அவர்களுக்குள் குலுக்கல் போட்டுத்தான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு வருவது 3,00,000 ரூபாய், மற்றவர்களுக்குக் கழிவு 7,000 ரூபாய், தவணை 13,000 ரூபாய்.

கழித்தல் இத்தோடு முடிவதில்லை. கமிஷன் என்பது சேவைக்கான கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலை 18 முதல் அது 18 சதவீதம், அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. வரி கமிஷன் மீது மட்டும்தான், சீட்டுத்தொகை மீது அல்ல. 25,000 ரூபாய்க்கு 18 சதவீதம் 4,500 ரூபாய். இதை எடுத்தவரிடமே மொத்தமாகப் பிடிப்பதும் உண்டு, எல்லாருடைய கழிவிலும் ஆளுக்கு 180 ரூபாய் வீதம் குறைப்பதும் உண்டு. எப்படி என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எடுத்தவரிடமே பிடித்தால் 3,80,000 ரூபாய் 3,75,500 ஆகிவிடும். அந்த மாதத் தவணையை அவர் தனியாகக் கட்டாமல் இதிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னால், இன்னும் 16,200 போய் 3,59,300 ரூபாய்க்குத்தான் காசோலை எழுதப்படும். பழைய தவணை பாக்கி இருந்தால் அதுவும் வட்டியோடு பிடிக்கப்படும். தவணையும் பாக்கியும் அவர் எப்படியும் கொடுக்க வேண்டிய பணம். அதைச் சீட்டு எடுத்த நஷ்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காசோலையில் உள்ள எண்ணைப் பார்த்துத் திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள். கழித்த ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது ஜாமீன். ஏலம் எடுத்த அன்றே பணம் கிடைத்துவிடாது. எட்டாம் மாதம் எடுத்தவருக்கு இன்னும் 17 தவணை பாக்கி. கழிவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், முழுத்தவணையாகவே 17 முறை 20,000, அதாவது 3,40,000 ரூபாய்க்கு நிறுவனம் ஜாமீன் கேட்கும். சம்பளக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் கையெழுத்து, சொத்துப் பத்திரம், வைப்புநிதி ரசீது என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கேட்பது வேறுபடும். போதுமான ஜாமீன் கொடுத்துவிட்டால் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாதவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. வரப்போகும் தவணைகள் அத்தனையையும் எடுத்த பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லி, மீதியை உடனே கேட்கலாம். அப்படிப் பிடித்த பணத்தை நடத்துபவர் ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட வங்கியில் போட்டுவைத்து, மாதாமாதம் தவணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எட்டாம் மாதத்தில் இதைச் செய்தால் 3,80,000 ரூபாயில் 3,40,000 போய் 40,000 ரூபாய்தான் கைக்கு வரும். கல்யாணத்துக்கு அது எந்த மூலைக்கு? இந்த வழி சீட்டின் கடைசிக் கட்டத்தில், ஐந்தாறு தவணை மட்டுமே பாக்கி இருக்கும்போதுதான் பயன்படும். அதனால் ஏலம் கேட்கப் போவதற்கு முன்பே ஜாமீன்தாரர்களிடம் பேசி முடித்திருக்க வேண்டும். தள்ளி எடுத்துவிட்டு ஆள் தேடி அலைபவருக்கு விட்டுக்கொடுத்த பணமும் போச்சு, நேரத்துக்குப் பணமும் வரவில்லை என்றாகிவிடும். ஜாமீன் தாமதமானால் அந்தப் பணத்தை நடத்துபவர் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த தவணைத் தேதிக்குள் தனி வங்கிக் கணக்கில் செலுத்தி, அதற்கான காரணத்தை எடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இனி, தள்ளி எடுத்தது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி. 1,20,000 ரூபாய் தள்ளியதால் அவ்வளவும் வட்டி என்று நினைப்பது தவறு. மற்றவர்கள் தள்ளும்போது அவருக்கும் கழிவு கிடைக்கிறது. இதே சீட்டில் இரண்டாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை எல்லாரும் உச்சவரம்பில் எடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் முதல் மாதம் 20,000, பிறகு ஆறு மாதம் 13,000 வீதம், மொத்தம் 98,000 ரூபாய் கட்டியிருப்பார். எட்டாம் மாதம் 16,200. ஒன்பதாம் மாதத்திலிருந்து தள்ளு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசி மாதம் வெறும் கமிஷன் அளவுக்கு வருகிறது என்றால், மிச்சம் 17 தவணைக்குச் சராசரி 18,200 ரூபாய், மொத்தம் 3,09,400 ரூபாய். எல்லாம் சேர்ந்து 4,23,600 ரூபாய் கட்டி 3,80,000 ரூபாய் பெற்றிருக்கிறார். ஜிஎஸ்டியை விட்டுவிட்டால் அவருக்கு ஆன செலவு 43,600 ரூபாய்.

இது குறைவாகத் தெரியலாம். ஆனால் அவர் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அவருடைய சொந்தச் சேமிப்பு, எடுத்த பிறகு கட்டுவதுதான் கடன் திருப்பிச் செலுத்துவது. பணம் எந்த மாதம் உள்ளே போனது, எந்த மாதம் வெளியே வந்தது என்று கணக்கில் கொண்டுவந்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் வருகிறது. பேச்சுவழக்கில் சொன்னால் ரெண்டு வட்டி. கந்துவட்டியோடு ஒப்பிட்டால் நல்லதுதான், நகைக்கடனோடு ஒப்பிட்டால் கனம்தான். வீட்டில் அடகு வைக்க நகை இருப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏலத்துக்குப் போவது மேல். இன்னும் நாலு மாதம் பொறுக்க முடிந்தால் அதே சீட்டில் தள்ளு இறங்கிவிடும். அதே சீட்டில் கடைசி மாதம் எடுப்பவரும் அதே 4,23,600 ரூபாய்தான் கட்டியிருப்பார். அவருக்கு வருவது 4,75,000 ரூபாய், 51,400 ரூபாய் லாபம். அந்த லாபம் ஆரம்பத்தில் அதிகம் தள்ளி எடுத்தவர்களின் அவசரத்திலிருந்து வந்தது.

எடுத்த பின் தவணை தவறினால் நிலைமை மாறிவிடும். மிச்சத் தவணைகள் அத்தனையையும் மொத்தமாகக் கட்டச் சொல்லி நடத்துபவர் கேட்க முடியும், ஜாமீன் போட்டவர் மீதும் அது பாயும்.

இவ்வளவு கணக்கும் பதிவு பெற்ற சீட்டுக்குத்தான் பிடிமானம் தருகிறது. பதிவுத் துறையின் முன்அனுமதி இல்லாமல் நடக்கும் சீட்டில் கமிஷன் 10 சதவீதம் பிடித்தாலும், எடுத்த பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தாலும், பதிவாளரிடம் போய் நிற்க உறுப்பினருக்கு வழி இருக்காது. பதிவு பெற்ற சீட்டில் ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி, அதன் நகலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். யார் எடுத்தார், எவ்வளவு தள்ளினார், எவ்வளவு கழிவு என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் யாராவது சீட்டு போட்டிருந்தால், இன்று இரவே அந்த ஒப்பந்தத்தை எடுத்து, கமிஷன் தள்ளுபடிக்குள்ளா வெளியேவா என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் பாருங்கள். அந்த வரி கண்ணில் படவில்லை என்றால், அடுத்த ஏலத்தில் வாயைத் திறப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.